திங்கள் 8:40 முதல் 9:05 வரை: ஒரு தேன் பிளாண்டின் வாரக் கூட்டம்

மார்த்தாண்டத்தைச் சுற்றித் தேன் தொழில் செய்கிறவர்களுக்கு ஆண்டின் முதல் சில மாதங்கள்தான் உயிர்நாடி. ரப்பர் மரம் இலை உதிர்த்து மறுபடி தளிர் விடும்போது, அந்த இளம் இலைகளின் காம்பு நுனியில் மதுரம் சுரக்கும். தேனீ அதைத்தான் எடுக்கிறது, பூவை அல்ல. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டங்களில் பெட்டிகள் வந்து இறங்குவதும், கேன் கேனாகத் தேன் வருவதும் அந்தச் சமயத்தில்தான். அப்புறம் ஜூன் மழை வந்துவிட்டால் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றி உயிரோடு வைத்திருக்க வேண்டிய காலம்.

இப்படிப்பட்ட தொழிலில் இருக்கும் ஒரு சிறிய பிளாண்டின் வாரக் கூட்டத்தைப் பற்றியது இந்த எழுத்து. தேனை வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே நான் கணக்கு பார்க்கிறேன். உரிமையாளர், மேலாளர், கொள்முதல் பார்க்கும் அண்ணன், ஆய்வக அக்கா, பிளாண்ட் ஆபரேட்டர், பேக்கிங் பார்க்கும் இரண்டு அக்காமார், டெம்போ ஓட்டும் தம்பி, நான் என்று மொத்தம் ஒன்பது பேர்.

பழைய கூட்டம் திங்கள்கிழமை ஒன்பது மணிக்குத் தொடங்கும். முடிகிற நேரம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொருவராகப் போன வாரம் என்ன செய்தோம் என்று சொல்லுவோம். கொள்முதல் அண்ணன் எந்தத் தோட்டத்தில் எத்தனை கேன் என்று சொல்லி முடிப்பதற்குள் இருபது நிமிடம் போய்விடும். ஆய்வக அக்கா பேச வரும்போது பத்து மணி ஆகி, டெம்போ தம்பி வெளியே வண்டியைத் தட்டிக்கொண்டிருப்பான். ஒன்பது பேர் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தால் பதினொன்றேகால் மணி நேர வேலை போகிறது. தேன் வரத்து உச்சத்தில் இருக்கும் பிப்ரவரியில் அது சின்ன இழப்பு இல்லை. அதைவிட மோசம், அந்த நேரமெல்லாம் செலவழித்த பிறகும் அடுத்த திங்கள் அதே விஷயங்கள் அப்படியே திரும்பி வந்தன.

மாற்றத்தை மேலாளர்தான் தொடங்கினார். முதலில் அவர் கை வைத்தது நேரத்தில். கூட்டத்தை 8:40-க்கு மாற்றினார். டெம்போ கிளம்புவது 9:15. ஆபரேட்டர் தொட்டியைச் சூடுபடுத்தத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆகவே 9:05-க்கு முடித்தே ஆக வேண்டும். அரை மணி நேரக் கூட்டம் என்று வாயால் எத்தனை முறை அறிவித்தாலும் அது நீளும். முடிவுக்குப் பின்னால் தள்ளிப்போட முடியாத ஒரு வேலை நின்றால்தான் நீளாது. பலர் கூட்டத்தை எப்போது தொடங்குவது என்றுதான் யோசிக்கிறார்கள். எதற்கு முன்னால் வைப்பது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. திங்கள் என்பதிலும் காரணம் இருக்கிறது. வாரத்தில் மற்ற நாட்களில் கொள்முதல் அண்ணனும் டெம்போ தம்பியும் விடிவதற்கு முன்பே மலையோரம் போய்விடுவார்கள். ஞாயிறு பாதிப் பேர் கோயிலிலும் சர்ச்சிலும் இருப்பார்கள். எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் ஒரே வேளை திங்கள் காலைதான்.

அந்த இருபத்தைந்து நிமிடம் இப்படிப் பிரிந்தது. முதல் ஐந்து நிமிடம், போன வாரம் ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியல். அடுத்த இரண்டு நிமிடம் பலகையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் எண்களில் யாருக்காவது கேள்வி இருந்தால். அப்புறம் இரண்டு பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம். கடைசி நான்கு நிமிடம் புதிய பட்டியலை உரக்கப் படித்துக் காட்ட.

கவனியுங்கள், "அவரவர் வேலையைச் சொல்லுங்கள்" என்ற சுற்று இதில் இல்லவே இல்லை. அதை எடுத்ததுதான் பெரிய சண்டை. கொள்முதல் அண்ணனுக்கு வருத்தம். தான் மலையேறி இறங்கிச் செய்கிற வேலை யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தார். அது நியாயமான வருத்தம்தான். அதற்கு மேலாளர் செய்தது, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஒவ்வொருவரும் தங்கள் எண்களை அதில் எழுதச் சொன்னது. வந்த கேன், தொட்டியில் இருப்பது, பாட்டிலில் அடைத்தது, கையில் உள்ள ஆர்டர், வர வேண்டிய பணம். எல்லோரும் திங்கள் உள்ளே வரும்போதே படித்துவிடுவார்கள். உரிமையாளர் அந்தப் பலகை முன் நின்று, "அருமனையிலேருந்து இவ்வளவு வந்திருக்கா?" என்று கேட்ட நாளோடு அண்ணனின் வருத்தம் போனது.

இனி அஜெண்டாவுக்கு வருவோம். பழைய கூட்டத்திலும் அஜெண்டா என்று ஒன்று இருந்தது. ஒரு தாளில் "ஈரப்பதம், லேபிள், வண்டி, பாக்கி" என்று எழுதியிருக்கும். இப்படி எழுதினால் அந்தப் பொருளைப் பற்றி யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதையெல்லாம் பேசலாம் என்றுதான் அர்த்தம். எப்போது முடிந்தது என்பதும் தெரியாது. புதிய முறையில் ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்வியாக எழுதப்பட வேண்டும், பதில் கிடைத்தவுடன் முடிகிற கேள்வியாக. அதைக் கொண்டுவருகிறவர் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். சனி மாலைக்குள் பலகையில் வராதது திங்கள் பேசப்படாது.

ஈரப்பதம் என்ற அந்தப் பொருளையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் எங்களுக்கு இந்த முறை பிடிபட்டது.

உணவுப் பாதுகாப்புத் தரப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்ப் பெட்டித் தேனீயின் தேன் இயல்பிலேயே கொஞ்சம் தண்ணீராக இருக்கும். அடையின் அறைகளைத் தேனீ மெழுகால் மூடுவதற்கு முன்பே, அடை கட்டிய மரச் சட்டத்தை எடுத்துச் சுற்றித் தேனைப் பிரித்துவிட்டால் ஈரம் இன்னும் கூடும். பிளாண்டில் கேன்களைத் தொட்டியில் ஊற்றிக் கலந்த பிறகுதான் அளந்துகொண்டிருந்தோம். நாலைந்து கேன் நீர்த்திருந்தால் தொட்டி முழுவதும் அளவு ஏறிவிடும். அப்புறம் முழுத் தொட்டியையும் நீர் வற்ற வைக்க வேண்டும். அதற்கு நேரமும் எரிபொருளும் போகும், அதிகம் சூடானால் தேனின் தரமும் போகும். பல திங்கள்களாக "ஈரப்பதம்" பேசப்பட்டது. ஆய்வக அக்கா குறை சொல்வார், கொள்முதல் அண்ணன் தோட்டக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்வார், உரிமையாளர் "இனி கவனமா பாத்துக்கிடுங்கோ" என்பார். கலைந்து போவோம்.

அந்த வாரம் ஆய்வக அக்கா பலகையில் எழுதிய கேள்வி இது: "கேன்களின் ஈரப்பதத்தை வாங்கும் இடத்திலேயே அளந்து பிரிப்பதா, பிளாண்டில் இறக்கியபின் அளந்து பிரிப்பதா?" ஏழு நிமிடம்.

இரண்டு வழியில் எதுவானாலும் தொட்டிக்கு முன்னால் அளந்தாக வேண்டும் என்பது கேள்வியிலேயே முடிந்துவிட்டது. அதனால் குறை சொல்லும் பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது. அண்ணன் முதலில் சொன்னார்: "வாங்குற இடத்திலயே அளந்தா நல்லது அக்கா, அவங்க முன்னாலயே சொல்லிடலாம். ஆனா எனக்கு அந்த மெஷின் பாக்கத் தெரியாது." கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று ஆய்வகத்தில் சும்மா இருக்கிறது, அதை எடுத்துப் போகலாம் என்றார் அக்கா. ஒரு சொட்டு தேன், மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கோட்டைப் பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கேனை அடி வரை கலக்கிய பிறகுதான் சொட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் நீர்த்த தேன் மேலே நிற்கும், கெட்டியானது கீழே போகும். மேலாகத் தொட்டு எடுத்தால் நல்ல கேனையும் தள்ளிவிட நேரும். டெம்போ தம்பி, "அண்ணன் அளந்து சொன்னா நான் கேன்ல ஒட்டி எழுதிடுறேன், ஏத்தும்போதே தனியா வச்சிடலாம்" என்றான். அவனை அதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேன்களை ஏற்றி இறக்குகிறவன் அவன்தான், பிரித்து வைப்பது நடக்குமா நடக்காதா என்பது அவன் கையில்தான் இருந்தது.

ஆறாவது நிமிடத்தில் அண்ணன் வேறொரு விஷயத்தைத் தொட்டார். தோட்டக்காரர்கள் ஏன் அறை மூடுவதற்கு முன்பே தேன் எடுக்கிறார்கள்? வரத்து உச்சத்தில் சட்டம் நிரம்பிவிடுகிறது, எடுக்காவிட்டால் தேனீக்கு இடமில்லை, காத்திருக்கச் சொன்னால் வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். உண்மையான, முக்கியமான பேச்சு அது. ஆனால் பலகையில் இருந்த கேள்வி அது இல்லை. ஏழு நிமிடத்தில் முடியக்கூடியதும் இல்லை. மேலாளர் பலகையின் ஓரத்தில் "முன்கூட்டியே எடுப்பது: கொள்முதல் அண்ணன், ஆய்வக அக்கா, உரிமையாளர். புதன் மதியம்" என்று எழுதினார். மூன்று பேருக்குத் தேவையான பேச்சை மற்ற ஆறு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டாம். இந்த ஓரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாளும் ஆட்களும் எழுதாமல் எதையும் அங்கே தள்ளக் கூடாது. எழுதாவிட்டால் அது விஷயங்களைப் புதைக்கும் இடமாகிவிடும், ஆட்களும் இரண்டே வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேரம் பார்ப்பது யார் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வயதில் மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கே பேசுவது கஷ்டம். பேக்கிங் பார்க்கும் இளைய அக்காவிடம் அந்த வேலையைக் கொடுத்தபோது அவர் முதல் வாரம் வாயே திறக்கவில்லை. பிறகு போனில் ஆறு நிமிடத்துக்கு ஒரு மணி, ஏழுக்கு ஒரு மணி என்று வைத்தோம். மணி அடிப்பது மரியாதைக் குறைவு ஆகாது. முதல் மணி கேட்டால் பேசுகிறவர் முடிவுக்கு வர வேண்டும், இரண்டாவது மணிக்கு மேலாளர் "அப்போ எது?" என்று கேட்பார். இப்போது அந்த அக்காவே சிரித்துக்கொண்டு, "அண்ணா, ஏழு முடிஞ்சு" என்று சொல்கிறார். உரிமையாளர் கடைசியில்தான் பேசுவார் என்பதும் அப்போது ஏற்பட்ட வழக்கம். அவர் முதலில் அபிப்பிராயம் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஆமாம் போடுவதோடு நின்றுவிடுவார்கள்.

இனி பட்டியல். என் பார்வையில் கூட்டத்தின் பலன் முழுக்க இந்தக் கடைசி நான்கு நிமிடத்திலும், அடுத்த வாரத்தின் முதல் ஐந்து நிமிடத்திலும்தான் இருக்கிறது. ஈரப்பதக் கேள்வியிலிருந்து வந்த வரிகள் இவை:

கொள்முதல் அண்ணன்: குலசேகரம் கேன்கள் எல்லாவற்றையும் வாங்கும் இடத்திலேயே அளந்து, அளவுத் தாள் ஆய்வகத்தில் கொடுத்தாகிவிட்டது. வியாழன் மாலை.

ஆய்வக அக்கா: கருவியைப் பார்ப்பது எப்படி என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் காட்டியாகிவிட்டது. இன்று 9:10.

டெம்போ தம்பி: 20-க்கு மேல் உள்ள கேன்கள் சிவப்பு நாடாவோடு தனி வரிசையில் இறக்கியாகிவிட்டது. வியாழன் மாலை.

வரி எப்போதும் முடிந்த நிலையில் எழுதப்படுகிறது. "ஈரப்பதம் கவனிக்க" என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்பதே அடுத்த வாரம் ஒரு வாதமாகும். "அளவுத் தாள் கொடுத்தாகிவிட்டது" என்றால் தாள் இருக்கும், அல்லது இருக்காது. ஒரு வரிக்கு ஒரு பெயர்தான். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையானாலும் பதில் சொல்கிறவர் ஒருவரே. படித்துக் காட்டும்போது அந்தந்த ஆள் தன் வரியைத் தன் வாயால் சொல்ல வேண்டும், மேலாளர் படித்து மற்றவர்கள் தலையாட்டுவது அல்ல. "வியாழன்" என்று தானே சொல்லும்போதுதான் ஒருவருக்கு வியாழன் அருமனையில் கல்யாணம் இருப்பது நினைவுக்கு வரும். அப்போதே நாள் மாறிவிடும்.

பட்டியலைப் பலகையோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நீளமாக டைப் செய்த கூட்டக் குறிப்பு கிடையாது. முன்பு நான்தான் அதை எழுதி அனுப்புவேன், யாரும் படிப்பதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பது ஒரு வாரத்துக்குப் பிறகு யாருக்கும் தேவைப்படுவதும் இல்லை. முடிவு என்ன, யார், எப்போது என்பது மட்டும் போதும்.

வாரத்தின் நடுவில் மேலாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: "திங்களுக்குள்ள முடிஞ்சிடுமா, ஏதாவது தடை இருக்கா?" பெரும்பாலும் நடந்து போகும்போது கேட்பது, அல்லது போனில் அரை நிமிடம். இது கண்காணிப்பு மாதிரித் தெரியும் என்று பயந்தோம். நடந்தது வேறு. அண்ணன் அந்த வியாழன் போனிலேயே சொன்னார், காலையில் குளிரில் தேன் இறுகலாக இருக்கிறது, கருவியும் சில்லென்று இருக்கிறது, ஒரே கேனை இரண்டு தடவை பார்த்தால் இரண்டு அளவு காட்டுகிறது என்று. இந்தக் கருவிகளின் அளவுக்கோடு 20 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. வெப்பம் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். அக்கா போனிலேயே, கருவியையும் தேனையும் கொஞ்ச நேரம் ஒரே நிழலில் வைத்துவிட்டு அளக்கச் சொன்னார். திங்கள் வரை காத்திருந்தால் அந்த வாரத் தாள் முழுவதும் வீணாகியிருக்கும்.

திங்கள் முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று பதில்தான் உண்டு: முடிந்தது, முடியவில்லை, இனி தேவையில்லை. முடியவில்லை என்றால் புதிய நாள். காரணக் கதை கிடையாது. கதை கேட்க ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் இருபதாகும். அதைவிட, முடிக்காதவர் தற்காப்புப் பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருவார், அடுத்த முறை எளிதான வேலையை மட்டும் ஏற்றுக்கொள்வார்.

ஆனால் கதை கேட்காமலே விட்டால் தடை என்ன என்பதே தெரியாமல் போகுமே என்று யாரும் கேட்கலாம். அதற்கு ஒரு விதி. ஒரு வரி இரண்டாவது முறை தள்ளிப்போனால், அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த திங்களின் கேள்வியாகும். இந்த விதியின் அருமை எங்களுக்கு லேபிள் விஷயத்தில் தெரிந்தது. சிவகாசியில் அச்சடிக்கும் லேபிள் சுருளுக்கு ஆர்டர் கொடுக்கும் வேலை மூத்த பேக்கிங் அக்காவின் பெயரில் இருந்தது. முதல் வாரம் முடியவில்லை, இரண்டாவது வாரமும் முடியவில்லை. அக்கா பொறுப்பில்லாதவர் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேள்வியாக வந்தபோது இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. அச்சகத்தார் முன்பணம் கேட்கிறார்கள். முன்பணம் அனுப்ப உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அவரிடம் பணம் கேட்கும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. அக்காவும், உரிமையாளரும், கணக்கு பார்க்கும் நானும் ஒரே கட்டடத்தில் இருந்தும் அது நடக்கவில்லை. அன்றே வரி மாறியது: முன்பணம் என் பெயரில், ஆர்டர் அக்காவின் பெயரில். அதோடு, ஒரு குறிப்பிட்ட தொகை வரை பேக்கிங் பொருளுக்கு மேலாளரே அனுமதிக்கலாம் என்று உரிமையாளர் சொன்னார். திரும்பத் திரும்பத் தள்ளிப்போகிற வேலையைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் அடியில் இருக்கும். வேலை ஒருவரிடம், அதைச் செய்யும் அதிகாரம் இன்னொருவரிடம்.

இந்தக் கூட்டத்தால் ஆகாத விஷயங்களும் உண்டு. தேன் கொள்முதல் விலை இதில் பேசப்படுவதில்லை. அதற்கு உரிமையாளரும் மேலாளரும் நானும் கணக்கோடு உட்கார வேண்டும். கூலி, விடுப்பு, இருவருக்குள் மனஸ்தாபம் ஆகியவையும் இங்கே வரக் கூடாது. ஏழு நிமிட மணி அடிக்கும் இடத்தில் ஒருவர் தன் மனக்குறையைச் சொல்ல வைப்பது கொடுமை. அதேபோல் புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் இடமும் இது அல்ல.

கூட்டம் கெட்டுப்போகத் தொடங்கினால் பலகையிலேயே தெரியும். கேள்விகள் மறுபடி ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். பட்டியலில் மேலாளர் பெயர் மட்டும் பெருகும், அதாவது மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். அல்லது எல்லா வாரமும் எல்லா வரியும் "முடிந்தது" ஆகும். இது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எப்படியும் நடந்திருக்கக்கூடிய வேலைகளைத்தான் எழுதுகிறோம் என்று அர்த்தம். எங்களுக்கு இந்த மூன்றாவது நிலை போன ஜூனில் வந்தது. மழை, வரத்து இல்லை, பேசப் பெரிதாக எதுவும் இல்லை. கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். நிறுத்தவில்லை. கேள்விகளை மட்டும் எடுத்துவிட்டு, பட்டியலும் பலகையும் வைத்துப் பத்து நிமிடத்தில் முடித்தோம். நிறுத்தியிருந்தால் ஜனவரியில் வரத்து தொடங்கும்போது எல்லாப் பழக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்திருக்கும், அதற்கு அப்போது யாருக்கும் நேரம் இருக்காது.

புதன் மதியத்துக்குத் தள்ளிய அந்த மூவர் பேச்சின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அறை பெரும்பாலும் மூடிய பிறகு எடுக்கிற தோட்டக்காரர்களுக்குக் கேனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை, நிரம்பிய பெட்டிக்குக் கூடுதல் சட்டங்கள் கடனாக என்று மூவரும் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். விலை பற்றியது என்பதால் அது திங்கள் பலகைக்கு வரவில்லை, கணக்குப் பேச்சுக்குப் போனது. அங்கே ஒப்புக்கொண்ட பிறகு திங்கள் பட்டியலில் ஒரே ஒரு வரியாக வந்தது: அருமனைப் பக்கத் தோட்டக்காரர்கள் எல்லோரிடமும் புதிய விலையைச் சொல்லியாகிவிட்டது, கொள்முதல் அண்ணன், சனி மாலை.